மார்பு வளரும், கால் காத்திருக்கும்

மார்பளவு எடுப்பது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். சிறுவனை நேராக நிற்க வைக்க வேண்டும். நாடாவை முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்புக்குக் கீழாகக் கொண்டுவந்து, முன்பக்கம் மார்பின் மேல் சரியான மட்டத்தில் பொருத்த வேண்டும். அவன் இயல்பாக மூச்சை விட்டு முடித்த அந்த நொடியில் எண்ணைப் படிக்க வேண்டும். அளக்கிறார்கள் என்று தெரிந்தவுடன் எல்லாப் பிள்ளைகளும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது படித்தால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூடிவிடும். ஆகவே அளப்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே காத்திருப்பார்.

1960-களில் தென் பெருவின் பூனோ பகுதியில் உள்ள நுன்யோவா என்ற ஊரிலும் அதைச் சுற்றிய மேய்ச்சல் நிலங்களிலும் இப்படி நூற்றுக்கணக்கானோரை அளந்தவர் ராபர்ட்டோ ஃபிரிசாஞ்சோ. பெருவைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் பேக்கரிடம் ஆய்வு மாணவராக இருந்தார். பேக்கரின் குழு நுன்யோவாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஊர் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேய்ச்சல் நிலங்கள் அதற்கும் மேலே. கெச்சுவா மொழி பேசும் மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக அல்பாக்காவும் லாமாவும் ஆடும் மேய்த்து, உருளைக்கிழங்கும் கினோவாவும் பயிரிட்டு வாழ்ந்துவந்தார்கள். 

அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு நம் ஊரில் இருப்பதுபோலவே 21 சதவீதம்தான். ஆனால் காற்றே அழுத்தம் குறைந்து மெலிந்திருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதமே. குளிருக்குக் கம்பளி இருக்கிறது, வெயிலுக்குத் தொப்பி இருக்கிறது. மெலிந்த காற்றுக்கு எதிராக மனிதன் எதையும் உடுத்திக்கொள்ள முடியாது. உடம்புதான் அதைச் சமாளித்தாக வேண்டும்.

2 வயதிலிருந்து 35 வயது வரை 1,202 பேரை அளந்து, பேக்கரும் ஃபிரிசாஞ்சோவும் 1970-ல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு முடிவுகள் தெளிவாக நின்றன. முதலாவது, அந்தப் பிள்ளைகள் மெதுவாக வளர்கிறார்கள், நீண்ட காலம் வளர்கிறார்கள். சமவெளிப் பையன் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரே ஆண்டில் சட்டென்று உயர்வான். சட்டைக் கை முழங்கைக்கு ஏறிவிடும். நுன்யோவாப் பையன்களிடம் அந்தத் தாவல் தெளிவாகத் தென்படவில்லை. பெண்பிள்ளைகளிடமும் அது தாமதமாக, மங்கலாகவே வந்தது. ஆனால் வளர்ச்சி பதின்ம வயதோடு நின்றுவிடாமல் இருபது வயதைத் தாண்டியும் தொடர்ந்தது. இவ்வளவு காலம் வளர்ந்தும் ஆண்களின் சராசரி உயரம் 160 சென்டிமீட்டரை ஒட்டியே நின்றது.

இரண்டாவது முடிவு நேர் எதிரானது. உயரம் இப்படிப் பின்தங்கிய அதே பிள்ளைகளின் மார்பு, சமவெளிப் பிள்ளைகளைவிட வேகமாக வளர்ந்தது. உயரம் குறைந்த ஒருவருக்கு மார்பும் சிறுத்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே குட்டையான உடம்பில் அகன்று ஆழ்ந்த மார்புக்கூடு இருந்தது. 

அன்று இதற்குச் சொன்ன விளக்கம் ஒரே மூச்சில் இரண்டையும் முடித்துவைத்தது. ஆக்சிஜன் குறைவு, அதனால் உடம்பின் மொத்த வளர்ச்சி தடைப்படுகிறது. ஆக்சிஜனைப் பிடிக்கும் உறுப்பான நுரையீரல் மட்டும் பெருக்கிறது. மலைவாசி குட்டையாக இருப்பது மலைக்கு உடம்பு பழகிக்கொண்டதன் அடையாளம் என்ற எண்ணம் பாடப்புத்தகங்கள் வரை போய்விட்டது. அழகான விளக்கம். ஆனால் அதன் ஒரு பாதிதான் காலத்துக்கு நின்றது. எந்தப் பாதி நின்றது, எது விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஐயம் முதலில் வயிற்றிலிருந்து கிளம்பியது. நுன்யோவாவில் காற்று மட்டுமா குறைவு? உறைபனி விழும் இரவுகள் நிறைய. மக்காச்சோளம் அந்த உயரத்தில் விளையாது. உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்திச் செய்யும் சுன்யோதான் ஆண்டு முழுவதற்குமான இருப்பு. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அதுவும் அடிமட்டத்துக்கு வந்துவிடும். நல்ல நிலமெல்லாம் பெரிய பண்ணைகளின் கையில் இருந்தது. பசியோடு வளரும் குழந்தை கடலோரத்திலும் குட்டையாகத்தான் இருக்கும். அப்படியென்றால் நுன்யோவாப் பிள்ளைகளின் உயரக் குறைவில் காற்றின் பங்கு எவ்வளவு, பசியின் பங்கு எவ்வளவு?

இதைப் பிரிக்க ஆய்வுக்கூடத்தில் வழியில்லை. யாரும் ஒரு குழந்தையைப் பசியில் வைத்துப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. சரித்திரமே அந்தச் சோதனையைச் செய்தது. 1969-ல் பெருவில் நிலச் சீர்திருத்தம் வந்தது. பண்ணைகள் கூட்டுறவுகளாக மாற்றப்பட்டன. ஊருக்குள் சம்பளவேலையும் கடைகளும் வந்தன. 1980-களின் நடுவில் புரூக் தாமஸ், வில்லியம் லெனர்ட், தாமஸ் லெதர்மேன் முதலியோர் திரும்பவும் நுன்யோவாவுக்குப் போய் அளந்தார்கள். மலை அதே மலை, காற்று அதே காற்று, மக்களும் அதே மரபினர். இருபது ஆண்டுக்கு முன் அளந்த பிள்ளைகளைவிட ஊருக்குள் வாழ்ந்த பிள்ளைகள் உயரமாக இருந்தார்கள். நாட்டுப்புறத்தில், கூட்டுறவால் பெரிய பலன் காணாத மேய்ச்சல் குடும்பங்களில் அந்த உயர்வு மிகக் குறைவு. ஊருக்குள்ளேயும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளைவிட உயரம். வளர்ச்சிக்குத் தடை ஆக்சிஜன் மட்டும்தான் என்றால் இந்த வேறுபாடுகள் வந்திருக்கவே கூடாது.

இதைவிடக் கூர்மையான ஒப்பீடு 2001-ல் வந்தது. தென் பெருவிலேயே 4,000 மீட்டர் உயரத்தை ஒட்டி டின்டாயா என்ற செம்புச் சுரங்கக் குடியிருப்பு இருந்தது. நல்ல வீடுகள், குழாயில் சுத்தமான தண்ணீர், மருத்துவமனை, பள்ளி. அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளி மார்கிரி என்ற ஏழைக் கிராமம். இரண்டுக்கும் உயரம் ஏறத்தாழ ஒன்றுதான். குழந்தைகளுக்குக் கிடைத்தது மட்டும் ஒன்றல்ல. இவான் பாசனும் லூயிஸ் உய்ச்சோவும் அவர்களுடைய குழுவினரும் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் அளந்தபோது டின்டாயாப் பிள்ளைகள் தெளிவாக உயரமாகவும் எடை கூடியும் இருந்தார்கள். சுரங்கக் குடும்பங்களில் பலர் தாழ்வான ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஆகவே மரபும் கொஞ்சம் வேறு என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நுன்யோவாவில் ஒரே மரபினரிடையே கண்ட வேறுபாட்டோடு சேர்த்துப் பார்க்கும்போது திசை மாறவில்லை.

உலகத்தின் மறுபக்கத்திலும் இதே கதை. திபெத்தில் 2,078 சிறு குழந்தைகளை நான்சி ஹாரிஸின் குழு அளந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதைக் கடந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வயதுக்கேற்ற உயரமின்றி மிதமாகவோ கடுமையாகவோ பின்தங்கியிருந்தார்கள். கவனிக்க வேண்டியது, எப்போது பின்தங்கினார்கள் என்பது. முதல் ஆண்டில் குறைவு சிறிது. தாய்ப்பால் குறைந்து வீட்டு உணவுக்கு மாறும் இரண்டாம் ஆண்டில் அது பல மடங்கு கூடியது. மலையின் உயரம் மட்டுமே காரணமென்றால் பிறந்த நாளிலிருந்து சீராகத் தெரிந்திருக்க வேண்டும். பல குழந்தைகளிடம் எலும்பு நலிவின் அறிகுறிகளும் இருந்தன. நகரமா கிராமமா என்பதைக் கணக்கில் எடுத்தபின், மேலும் உயரத்தில் வாழ்கிறார்கள் என்பதற்கும் உயரக் குறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. அந்தக் குழந்தைகளைப் பார்த்து மலைவாசிகள் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் பசியும் நோயும் கண்ணுக்குத் தப்பியிருக்கும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உடம்பு சிறுத்தால் உணவுத் தேவையும் குறையும், ஆகவே சிறிய உடம்பு ஏழ்மைக்கு நல்ல தகவமைப்பு என்ற வாதம் 1980-களில் இந்தியாவை வைத்தும் பேசப்பட்டது. டேவிட் செக்லர் என்ற பொருளியலாளர் அதைச் சிறியது ஆனால் நலமானது என்ற கருத்தாக முன்வைத்தார். ஊட்டச்சத்து அறிஞர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள், சரியாகவே மறுத்தார்கள். சிறுத்துப்போன குழந்தைகளில் பலர் அந்த அளவுக்கு வருவதற்குள் நோயோடு போராடியவர்கள். பிழைக்காமல் போனவர்கள் அளவெடுக்கும் வரிசையில் நிற்பதே இல்லை.

அப்படியானால் மெலிந்த காற்றுக்கு உயரத்தில் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது பிறப்புக்கு முன்பே தொடங்குகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் லெட்வில் என்ற பழைய சுரங்க ஊரில், எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகப் பிறப்பதை 1950-களிலேயே கவனித்தார்கள். பிற்காலக் கணக்குகள்படி ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் குறைகிறது. குறைமாதப் பிறப்பால் வருவதல்ல. கருப்பையில் வளர்ச்சியே மெதுவாகிறது. கர்ப்பகாலத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் இந்தக் குறைவு பெரும்பாலும் விழுகிறது. இங்கே தலைமுறைகளின் வேலை நன்றாகத் தெரிகிறது. பொலிவியாவின் லா பாஸ் நகரம் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஐரோப்பிய வம்சத் தாய்க்குப் பிறக்கும் குழந்தையைவிட ஆண்டிஸ் வம்சத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சராசரியாக எடை கூடியது. பொருளாதாரத்தில் ஐரோப்பிய வம்சத்தார் பெரும்பாலும் மேலே இருந்தும் இது மாறவில்லை. லோர்னா மூரும் அவரோடு பணியாற்றியவர்களும் ஏன் என்று பார்த்தபோது, ஆண்டிஸ் தாய்மாரின் கருப்பைத் தமனி கர்ப்பகாலத்தில் அதிகமாக விரிந்து, கருப்பைக்கு அதிக இரத்தம் கொண்டுபோவதைக் கண்டார்கள். திபெத்தியத் தாய்மாரின் குழந்தைகளுக்கும், அங்கே குடியேறிய ஹான் சீனக் குழந்தைகளோடு ஒப்பிட்டால், இதே போன்ற பாதுகாப்பு இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்ததன் பயன் என்றால் குழந்தை சிறுப்பது என்று முன்பு நினைத்தோம். உண்மையில் பயன் குழந்தை சிறுக்காமல் இருப்பதில் தெரிகிறது. சிறுப்பது மலைக்குப் புதியவருக்கு நேரும் இழப்பு. பழையவர் அந்த இழப்பைக் குறைத்துக்கொண்டவர். 

இனி மார்புக்கு வருவோம். பழைய விளக்கத்தில் நிலைத்து நின்ற பாதி இதுதான்.

மலைவாசியின் மார்பு பெருக்கக் காரணம் உள்ளே இருக்கும் நுரையீரல். சிறுவயதில் காற்றுப்பைகள் எண்ணிக்கையிலும் பரப்பிலும் பெருகுகின்றன. அந்தப் பரப்பு எவ்வளவோ அவ்வளவு ஆக்சிஜன் இரத்தத்துக்குள் கசிந்து செல்லும். 1970-ஐ ஒட்டி சுவிட்சர்லாந்தில் பூரியும் வைபெலும் இளம் எலிகளை, ஆல்ப்ஸில் ஏறத்தாழ 3,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ஆய்வு நிலையத்தில் மூன்று வாரம் வளர்த்துப் பார்த்தார்கள். கீழே வளர்ந்த எலிகளைவிட அவற்றின் நுரையீரல் பெரிதாக வளர்ந்திருந்தது. அதற்குத் தலைமுறை எதுவும் தேவைப்படவில்லை. வளரும் வயதில் ஆக்சிஜன் குறைந்தாலே நுரையீரல் பதில் சொல்கிறது.

மனிதரிடமும் இதைக் காட்டியவர் ஃபிரிசாஞ்சோதான். 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஸ்கோ நகரத்தில் மூன்று வகை ஆட்களை அவர் ஒப்பிட்டார்: அங்கேயே பிறந்து வளர்ந்தவர், கடலோரத்தில் பிறந்து சிறுவயதில் குஸ்கோவுக்கு வந்தவர், பெரியவராக வளர்ந்தபின் வந்தவர். ஒவ்வொருவரையும் முழுமூச்சு இழுத்து, முடிந்த மட்டும் ஊதி வெளியேற்றச் சொல்லி அளந்தார். சிறுவயதில் வந்தவர்கள் குஸ்கோக்காரர்களுக்கு ஈடாக ஊதினார்கள். வளர்ந்தபின் வந்தவர்களால், எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தாலும், அதை எட்ட முடியவில்லை. எலும்பும் குருத்தெலும்பும் இன்னும் இளகியிருக்கும் காலத்தில்தான் மார்புக்கூடு நுரையீரலுக்கு இடம்விட்டு விரியும். அந்தக் கதவு மூடியபின் மலை எவ்வளவு தட்டினாலும் திறக்காது.

ஆனால் முழுக்கவும் வளர்ப்புதான் என்று சொல்லிவிடவும் முடியாது. லா பாஸில் பிறந்து வளர்ந்த வசதியான ஐரோப்பிய வம்சப் பிள்ளைகளின் மார்பும் நுரையீரலும் கடலோர ஐரோப்பியரைவிடப் பெரிது. எனினும் அதே நகரத்து அய்மாரா இனப் பிள்ளைகளின் அளவுக்கு அவை வருவதில்லை. ஒரு பகுதியை மலை தருகிறது, இன்னொரு பகுதி வம்சத்தில் வருகிறது. எது எவ்வளவு என்று கச்சிதமாகப் பிரிக்க முயல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும். இரண்டும் ஒரே குழந்தையில் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது அப்படிப் பிரிக்க எலும்பில் கோடு எதுவும் போட்டிருக்காது.

எல்லா மலைவாசிகளும் இந்த வழியில் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அகன்ற பீப்பாய் மார்பு ஆண்டிஸின் முத்திரை. திபெத்தியர் பெரும்பாலும் வேறு வழியைத் தேர்ந்தவர்கள். சிந்தியா பீல் என்ற மானுடவியலர் இரு மக்களையும் ஒத்த உயரங்களில் ஒப்பிட்டபோது, சும்மா உட்கார்ந்திருக்கும் திபெத்தியர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுவதைக் கண்டார். அய்மாரா மக்களிடம் அது 10 லிட்டரை ஒட்டியே இருந்தது. ஒருவர் பெரிய அறை கட்டிக்கொண்டார், மற்றவர் அடிக்கடி காற்று மாற்றுகிறார். ஆகவே மலை உடம்பு என்று பொதுவாக ஒன்றைப் பேசுவதே தவறு.

உயரத்தைப் பசி பெரும்பாலும் தீர்மானிக்கிறது, மார்பை மலை தீர்மானிக்கிறது என்று இங்கே நிறுத்தியிருக்கலாம். 2012-ல் எம்மா பொமராய் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வெளியிட்ட அளவுகள் கதையை இன்னும் நுணுக்கமாக்கின. அவர் உயரத்தை ஒரே எண்ணாகப் பார்க்கவில்லை. உடம்பைத் துண்டு துண்டாக அளந்தார்: உட்கார்ந்த நிலையில் தலையிலிருந்து இருக்கை வரை, தோளிலிருந்து முழங்கை வரை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, உள்ளங்கையும் விரலும், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, பாதம். ஒரு பக்கம் ஐயாகூச்சோ மலைப்பகுதிக் குழந்தைகள், மறு பக்கம் லீமா நகரத்தின் ஓரத்தில் ஏழைகள் வாழும் குடியிருப்பின் குழந்தைகள். மலைக் குழந்தைகள் எல்லா அளவிலும் சிறியவர்களாக இருந்தாலும், சிறுமை எல்லா இடத்திலும் சமமாக விழவில்லை. தலையும் உடற்பகுதியும் பெரும்பாலும் காக்கப்பட்டிருந்தன. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட எலும்பும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட எலும்பும்தான் மிக அதிகமாகக் குறைந்திருந்தன. 

குறைந்த சம்பளத்தில் நடக்கும் வீட்டில் அரிசிக்கும் மருந்துக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, துணிமணியைத் தள்ளிப்போடுவார்கள் இல்லையா, அதுபோலத்தான் இது. மூளை, இதயம், நுரையீரல், குடல் எல்லாம் தலையிலும் உடற்பகுதியிலும் இருக்கின்றன. ஆக்சிஜனும் உணவும் போதாதபோது உடம்பு அவற்றுக்கு முதலில் கொடுத்துவிடுகிறது. கை கால்கள் காத்திருக்கின்றன.

இதற்கு ஒரு மாற்று விளக்கம் உடனே எழும். குளிர் நாட்டு விலங்குகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள் குட்டையாக இருக்கும் என்று உயிரியலில் ஆலன் விதி என ஒன்று உண்டு; நீண்ட கை கால் வெப்பத்தை இழக்கும் என்பது அதன் காரணம். மலையும் குளிர்தானே, ஆகவே கை கால் குட்டையானது குளிருக்காக இருக்கலாமே? இந்தக் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கிறது. வெப்பத்தை மிக வேகமாக இழக்கும் பகுதி விரல்களும் உள்ளங்கையும். குளிர்தான் காரணமென்றால் முன்கையைவிடக் கையின் நுனி அதிகமாகக் குறுகியிருக்க வேண்டும். ஸ்டெஃபனி பெய்னும் பொமராயும் உள்ளிட்ட குழு நேபாள இமயமலை மக்களிடம் இதையே சோதித்து 2018-ல் வெளியிட்டது. மலையில் வாழ்பவர்களை, தாழ்வான பகுதியில் வாழும் மக்களோடு ஒப்பிட்டபோது, உடம்பின் உயரத்துக்கு ஏற்ப மேற்கையும் உள்ளங்கையும் ஏறத்தாழ ஒத்திருந்தன. முன்கை மட்டும் குட்டையாக இருந்தது. ஆண்டிஸிலும் இமயத்திலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மக்களிடம், ஒரே எலும்பு சுருங்கியிருக்கிறது.

ஏன் நடுத்துண்டு? கையின் வேலை பெரும்பாலும் விரலில் இருக்கிறது. பிடிக்க, முடிச்சுப் போட, நூல் நூற்க, பால் கறக்க முழு அளவில் உள்ளங்கை வேண்டும். முன்கை ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் பெரிய நட்டமில்லை. உடம்பு குறைக்கத்தான் வேண்டும் என்றால் குறைந்த நட்டம் வரும் இடத்தில் குறைக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆக்சிஜனையும் உணவையும் இங்கேயும் ஒன்றிலிருந்து ஒன்று முழுவதும் பிரிக்க முடியவில்லை. ஐயாகூச்சோக் குழந்தைகளுக்கு லீமாக் குழந்தைகளைவிட மருத்துவமும் உணவும் குறைவாகவே கிடைத்தன. ஆனால் உயரம் என்ற ஒற்றை எண் மறைத்துவைத்த செய்தியை, துண்டு துண்டாக அளந்த எண்கள் வெளியே கொண்டுவந்தன என்பதில் ஐயமில்லை.

மரபணு பக்கமிருந்து வந்த திருப்பம்தான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது. பெரு மக்கள் உலகத்திலேயே குட்டையானவர்களில் சேர்வார்கள். ஆண்களின் சராசரி உயரம் 165 சென்டிமீட்டர், பெண்களுக்கு 153. சமீரா அஸ்காரி உள்ளிட்ட குழு லீமாவில் 3,134 பேருடைய மரபணுக்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், எஃப்பிஎன்1 என்ற மரபணுவில் ஒரே எழுத்து மாறிய வடிவம் ஒன்றைக் கண்டது. ஃபைப்ரில்லின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அது. எலும்பையும் தோலையும் இரத்தக்குழாயையும் சூழ்ந்திருக்கும் இணைப்புத்திசுவின் நார்களுக்கு அந்தப் புரதம் அடிப்படை. இதே மரபணுவில் வேறு மாற்றங்கள் வந்தால் மிக உயரமாக, நீண்ட விரல்களோடு வளரும் மார்ஃபன் நோய் வரும். பெருவில் கண்ட வடிவமோ நேர் எதிர். ஒரு பிரதி இருந்தால் உயரம் சராசரியாக 2.2 சென்டிமீட்டர் குறைகிறது; பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் அதன் இரு மடங்கு. உயரத்தைப் பாதிக்கும் மரபணு வடிவங்கள் ஆயிரக்கணக்கில் தெரியும். பரவலாகக் காணப்படுபவற்றில் பெரும்பாலானவை மில்லிமீட்டர் கணக்கில்தான் வேலை செய்யும். அவற்றின் நடுவே இது மலை. இயற்கைத் தேர்வு இதைத் தூக்கிவிட்டதற்கான தடயமும் மரபணுவில் இருந்தது.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது என்ன? ஆண்டிஸ் மலை, குட்டை உடம்பு, இயற்கைத் தேர்வு. புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. ஆய்வாளர்கள் அங்கே நிற்காமல் அந்த வடிவம் பெருவில் எங்கே அதிகம் என்று பார்த்தார்கள். அமேசான் காடுகளிலோ மலைகளிலோ இருப்பதைவிட, கடலோர மக்களிடம், குறிப்பாக வடக்குக் கடற்கரையின் மோச்சே பகுதியினரிடம், அதிகமாக இருந்தது. பூனோ மலை மக்களிடம், அதாவது நுன்யோவா இருக்கும் அதே பகுதியில், அது அரிது. கடலோர வாழ்வின் ஏதோ ஒன்று அதை வளர்த்திருக்கிறது. மலைவாசிகளின் குட்டை உடம்புக்கு இந்த மரபணு விடை அல்ல.

இத்தனைக்கும் நடுவே ஒரு நடைமுறைச் சிக்கல் தீராமல் கிடக்கிறது. உலகம் முழுவதும் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கப் பயன்படுவது உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டை. நம் அங்கன்வாடிகளிலும் இதே அளவுகள்தான். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளின் நல்ல வசதியுள்ள குழந்தைகளை அளந்து அதைச் செய்தார்கள். ஆனால் 1,500 மீட்டருக்கு மேல் வாழும் குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. லடாக்கின் லே நகரத்திலோ பூனோவிலோ பிறக்கும் குழந்தை தன்னைப் போன்ற ஒருவரும் இடம்பெறாத அட்டையோடுதான் ஒப்பிடப்படுகிறது. 2020-ல் கலேப் பாயியும் கல்லே ஹிர்வோனனும் 59 நாடுகளின் ஒன்பதரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீட்டில் எல்லா வசதியும் உள்ள குழந்தைகளிடம்கூட, 500 மீட்டருக்கு மேலே போகப் போக உயரம் அட்டையின் நடுக்கோட்டிலிருந்து சற்றுக் கீழே சரிந்தது. 

இரத்தசோகையைக் கணிக்கும்போது மலைக்கேற்ப அளவைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது; மலையில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும் என்பதால் அது தேவை. உயரத்துக்கும் அப்படித் திருத்த அட்டை வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நான் உடன்படவில்லை. ஹீமோகுளோபின் கூடுவது உடம்பு எடுக்கும் முயற்சி. உயரம் குறைவது பெரும்பாலும் உடம்புக்குக் கிடைக்காமல் போனதன் கணக்கு. கோட்டைக் கீழே இறக்கினால் மார்கிரிப் பிள்ளைகளில் பலர் ஒரே நாளில், ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடாமலேயே, இயல்பானவர்களாகிவிடுவார்கள். அதைவிட, நின்ற உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் முன்கை நீளத்தையும் சேர்த்து அளக்கப் பழகலாம். அதற்குத் தேவை ஒரு முக்காலியும் ஒரு நாடாவும் குழந்தைக்கு இரண்டு நிமிடமும்தான்.